தங்கப் பத்திரமா, கையில் தங்கமா? வங்கி வழியே வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பேங்க்ல போய்க் கேட்டா இப்போ கோல்டு பாண்டு இல்லைங்கிறாங்க. நிஜமாவே நிறுத்திட்டாங்களா?

வங்கி ஊழியர் சொன்னது சரிதான். மத்திய அரசின் சாவரின் கோல்டு பாண்டு கடைசியாக 2024 பிப்ரவரி 12 முதல் 16 வரை விற்பனைக்கு வந்தது. கிராம் 6,263 ரூபாய். ஆன்லைனில் கட்டியவர்களுக்கு 50 ரூபாய் தள்ளுபடி. அதற்குப் பிறகு புது வெளியீடு எதுவும் வரவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. இந்தப் பத்திரம், தங்கத்தின் எடைக் கணக்கில் அரசு நம்மிடம் எட்டு வருடத்துக்கு வாங்கும் கடன். அதைத் திருப்பும்போது அன்றைய தங்க விலையில் திருப்ப வேண்டும். தங்கம் ஏற ஏற அரசின் கடனும் ஏறுகிறது, மேலே வட்டி வேறு. நமக்கு லாபமாக இருந்தது அரசுக்குச் செலவாகிவிட்டது.

ஆகவே இந்தக் கேள்விகள் இரண்டு வகையினருக்குப் பயன்படும். ஒருவர், வங்கியில் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர். இன்னொருவர், பழைய பத்திரத்தைப் பங்குச் சந்தையில் வாங்கலாமா என்று பார்ப்பவர். பத்திரமும் நகையும் எங்கே பிரிகின்றன என்பது இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும்.

முழுசா எட்டு வருஷம் வச்சிருந்தவங்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைச்சுது?

முதல் வெளியீட்டையே எடுத்துக்கொள்வோம். அது 2015 நவம்பர் 30 அன்று கிராம் 2,684 ரூபாய்க்குத் தரப்பட்டது. அப்போது வட்டி ஆண்டுக்கு 2.75%, பிறகு வந்த வெளியீடுகளில்தான் அது 2.5% ஆனது. 2023 நவம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி அதைக் கிராம் 6,132 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஒருவர் ஐந்து சவரன் கணக்கில் 40 கிராம் வாங்கியிருந்தார் என்று வையுங்கள். அன்று கட்டியது 1,07,360 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,476 ரூபாய் அவர் சேமிப்புக் கணக்கில் விழுந்தது. எட்டு வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 23,600. முடிவில் வந்த முதல் 2,45,280 ரூபாய். வட்டியைச் சேர்க்காமல் பார்த்தாலே ஆண்டுக்குச் சுமார் 10.9% கூட்டு வளர்ச்சி.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த 10.9% தங்கத்தின் சாதனை, பத்திரத்தின் சாதனை இல்லை. பத்திரம் சொந்தமாகத் தந்தது அந்த வட்டியும், வழியில் எதுவும் கழியாமல் விலை முழுதாகக் கைக்கு வந்ததும் மட்டும்தான்.

அதே பணத்துக்கு அன்னைக்கே நகை வாங்கியிருந்தா?

பத்திரத்தின் விலை 999 சுத்தத் தங்கத்துக்கானது. நகை 22 காரட், அதாவது 916. ஆகவே நகைத் தங்கத்தின் விலையாக 2,684-ல் 91.6 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம்: கிராம் 2,458 ரூபாய் சொச்சம். இதன்மேல் செய்கூலியும் சேதாரமும் சேர்த்து 10% வைக்கிறேன். சாதாரண செயினுக்கு இது நடப்பு. கல் வைத்த நெக்லஸுக்கு இது போதாது. அப்புறம் 3% ஜிஎஸ்டி. 2015-ல் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் இன்று முடிவெடுப்பவருக்கு இன்றைய வரியில் பார்ப்பதுதான் உதவும்.

இப்படிப் போட்டால் நகை கிராமுக்கு 2,785 ரூபாய் ஆகிறது. அதே 1,07,360 ரூபாய்க்கு 38.5 கிராம் கிடைக்கும். 2023 நவம்பரில் அதை எந்தக் கழிவும் இல்லாமல், அன்றைய 22 காரட் விலை முழுதும் கொடுத்து ஒருவர் வாங்கிக்கொண்டார் என்றே வைத்தாலும் கைக்கு வருவது சுமார் 2,16,500. பத்திரக்காரருக்கு முதலாக வந்தது 2,45,280. வித்தியாசம் 28,800, வட்டியையும் சேர்த்தால் 52,000-க்கு மேல்.

நடப்பில் கடைக்காரர் அழுக்கு, உருக்குச் சேதம் என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார். லாக்கர் வாடகையை நான் சேர்க்கவே இல்லை. பணமாகத் திரும்ப எடுப்பதுதான் நோக்கம் என்றால் நகை மோசமான வழி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொண்ணு கல்யாணத்துக்குத்தான் சேர்க்கிறேன். அப்பவும் பத்திரம்தான் லாபமா?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பத்திரம் வைத்திருந்தால் செய்கூலியும் சேதாரமும் மிச்சம் என்று நினைக்கிறார்கள். மிச்சமாவதில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

மேலே சொன்ன அதே ஆளைப் பாருங்கள். 2023-ல் வந்த 2,45,280 ரூபாயை எடுத்துக்கொண்டு மகளுக்கு நகை வாங்கக் கடைக்குப் போகிறார். அன்றைய 22 காரட் விலை கிராம் 5,617; செய்கூலி, சேதாரம் 10 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் 6,364. அவருக்குக் கிடைப்பது அதே 38.5 கிராம். விலை எத்தனை மடங்கு ஏறினாலும் இந்த எடை மாறாது. ஏனென்றால் கூலியும் வரியும் சதவீதமாகத்தான் வருகின்றன; முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் தின்னும் எடை ஒன்றே.

அப்படியானால் அவருக்கு மிஞ்சியது வட்டிதான். அந்த 23,600 ரூபாய்க்கு 2023 விலையில் 3.7 கிராம் நகை வாங்கலாம், அரைச் சவரனுக்கும் கொஞ்சம் குறைவு. லாக்கர் செலவும் திருட்டுப் பயமும் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. 2015-ல் நமக்குப் பிடித்த மாடல் 2023-ல் மகளுக்குப் பிடிக்காமல் போனால், பழைய நகையை மாற்றும்போது இரண்டாவது முறையாகக் கூலி கொடுக்க வேண்டும். கல்யாண நகைகளில் உண்மையான நஷ்டம் பெரும்பாலும் அங்கேதான். மாற்றாமல் அப்படியே போட்டுக்கொள்ளும் குடும்பம் என்றால் முன்கூட்டியே நகை வாங்குவதில் பெரிய தவறு இல்லை.

நகை வேண்டாம், பேங்க்லயே கோல்டு காயின் வாங்கி வச்சா?

செய்கூலி குறையும், 3% ஜிஎஸ்டி இருக்கும். ஆனால் வங்கி நாணயத்தின் விலை சந்தை விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதைவிட முக்கியம், வங்கி தான் விற்ற நாணயத்தைத் திரும்ப வாங்காது. வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. விற்க வேண்டுமானால் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். சீல் பிரிக்காத அட்டையும் பில்லும் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். சில கடைகள் பணமாகத் தராமல் நகையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும். அதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி ஏறின தங்க விலைக்குக் கணக்கிடுவாங்களா, நான் போட்ட பணத்துக்கா?

போட்ட பணத்துக்குத்தான். முதல் வெளியீட்டில் வட்டி கிராமுக்கு ஆண்டுக்கு 73.81 ரூபாய். முதல் வருடமும் அதே, எட்டாவது வருடமும் அதே. 2,684 ரூபாய்க்கு அது 2.75%, விலை 6,132-க்கு வந்தபோது அது 1.2% தான். அந்த வட்டிக்கு மேல் வட்டியும் கிடையாது. சேமிப்புக் கணக்கில் விழுந்து, கவனிக்காமல் விட்டால் செலவோடு செலவாகப் போய்விடும்.

எட்டு வருஷம் பணத்தைத் தொடவே முடியாதா?

முடியும், ஆனால் நினைத்த நாளில் முடியாது. வங்கி வழியே வெளியேற ஐந்து வருடம் ஆக வேண்டும். அதற்குப் பிறகு வரும் வட்டித் தேதிகளில் மட்டும் கதவு திறக்கும். 2024 பிப்ரவரி 21 அன்று தரப்பட்ட கடைசி வெளியீட்டுக்கு வட்டித் தேதிகள் பிப்ரவரி 21, ஆகஸ்ட் 21. ஆக 2029 பிப்ரவரியில் தொடங்கி வருடத்துக்கு இரண்டு வாய்ப்பு, 2032 பிப்ரவரியில் முதிர்வு.

செய்முறை இது. எந்தெந்த வெளியீட்டுக்கு எந்தத் தேதி என்று ரிசர்வ் வங்கி அரை வருடத்துக்கு ஒருமுறை பட்டியல் போடுகிறது. வட்டித் தேதிக்கு முப்பது நாள் முன்பிருந்து, பத்திரம் வாங்கிய அதே வங்கிக் கிளையில் எழுதிக் கொடுக்கலாம். கடைசி நாளில் போகாதீர்கள். பல கிளைகளில் இதை யார் கணினியில் ஏற்றுவது என்றே இரண்டு நாள் தேடுவார்கள். தேதி தவறினால் அடுத்த ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

தரப்படும் விலை, அன்றைக்கு முந்தைய மூன்று வேலைநாட்களில் 999 தங்கத்தின் முடிவு விலைச் சராசரி. இந்திய புல்லியன் மற்றும் நகை வணிகர் சங்கம் வெளியிடும் விலை அது. அதில் ஜிஎஸ்டி சேராது. கடை போர்டில் எழுதியிருப்பதைவிடப் பத்திர விலை குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். இரண்டுமே 999 விலைதானா, வரி சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்பே பணம் வேண்டுமென்றால் ஒரே வழி பங்குச் சந்தை. அதற்குப் பத்திரம் டீமேட் கணக்கில் இருக்க வேண்டும். வங்கியில் சான்றிதழாக வாங்கியவர் முதலில் டீமேட்டுக்கு மாற்ற வங்கியில் விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்துக்கு இது ஆகாது. மாற்றிய பிறகும் பல வெளியீடுகளில் நாளுக்குச் சில கிராம்களே கைமாறும். சந்தை விலைக்கு விற்கிறேன் என்று ஆர்டர் போட்டால் எவரோ கேட்ட அடிமாட்டு விலைக்குப் போய்விடும். உங்கள் விலையைக் குறிப்பிட்டு ஆர்டர் போட்டுக் காத்திருங்கள்.

அவசரத்துக்கு நகையை அடகு வைப்போம். பத்திரத்தை வைக்க முடியுமா?

விதிப்படி வைக்கலாம். பத்திரத்தை ஈடாகக் கொடுத்துக் கடன் வாங்க அனுமதி உண்டு. ஆனால் கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் விருப்பம். நகையைப் பொறுத்தவரை நம் ஊரில் எந்தத் தெருவிலும் ஒரு மணி நேரத்தில் பணமாகிவிடும். பத்திரத்துக்கு அந்த வேகம் கிடையாது. மருத்துவமனைச் செலவுக்கென்று வேறு சேமிப்பு எதுவும் இல்லாத வீட்டில், இருக்கிற தங்கம் முழுவதையும் பத்திரமாக வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லாபக் கணக்கில் நகை தோற்கலாம். இந்த ஒரு இடத்தில் தெளிவாக ஜெயிக்கிறது.

பத்திரத்துக்கு வரியே இல்லைன்னு சொன்னாங்களே?

வட்டிக்கு எப்போதும் வரி உண்டு. வங்கி டிடிஎஸ் பிடிக்காது என்பதால் பலரும் வரி இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். 20% வரி வரம்பில் இருப்பவருக்கு மேலே சொன்ன 23,600 ரூபாயில் செஸ் உட்பட ஏறக்குறைய 4,900 போய்விடும்.

விலை ஏற்றத்தால் வரும் லாபம்தான் வரியில்லாமல் இருந்தது. அதிலும் 2026 பிப்ரவரி பட்ஜெட் ஒரு கோடு போட்டுவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல், வெளியீட்டின்போது நேரடியாக வாங்கி முதிர்வு வரை தொடர்ந்து வைத்திருக்கும் தனிநபருக்குத்தான் அந்தச் சலுகை. ஐந்தாவது வருடத்தில் வெளியேறினாலும், சந்தையில் வாங்கி முதிர்வு வரை வைத்தாலும் லாபத்துக்கு வரி உண்டு. நீண்டகால லாபமாக இருந்தால் 12.5 சதவீதமும் செஸ்ஸும்.

இதனால் லாக்-இன் பற்றிய கணக்கே மாறிவிட்டது. 2024 பிப்ரவரியில் 40 கிராம் வாங்கியவர் 2029-ல் வெளியேறுகிறார், அன்று விலை கிராம் 13,000 என்று ஓர் உதாரணத்துக்கு வைப்போம். கிராமுக்கு லாபம் 6,737. மொத்தம் சுமார் 2,69,500. செஸ் சேர்க்காமலே வரி 33,700 ரூபாய். மூன்று வருடம் பொறுத்து 2032-ல் அதே விலைக்கு எடுத்தாலும் இந்த வரி கிடையாது. இனி ஐந்து வருடக் கதவு அவசரத்துக்கான கதவு மட்டும்தான்.

நகை, நாணயத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இதே 12.5%. பழைய நகையைக் கொடுத்துப் புதிது வாங்குவதும் சட்டப்படி விற்பனைதான். யாரும் அப்படி நினைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, இப்போ சந்தையில் பழைய பத்திரத்தை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முன்பிருந்த கவர்ச்சி இல்லை. திரையில் SGBFEB32IV என்று ஒரு பெயர் தெரியும். 2032 பிப்ரவரியில் முதிரும் நான்காம் வரிசை என்று பொருள், அதாவது கடைசி வெளியீடு. அதை வாங்குபவருக்கும் வட்டி 2024 வெளியீட்டு விலைக்குத்தான்: கிராமுக்கு ஆண்டுக்குச் சுமார் 156 ரூபாய். நீங்கள் 13,000 கொடுத்து வாங்கினால் அது 1.2% மட்டுமே. இடைத்தரகர் தளத்தில் 2.5% என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வாங்குமுன் அன்றைய 999 விலையை, ஜிஎஸ்டி இல்லாமல், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்திரம் அதைவிடக் கூடுதல் விலைக்குப் போனால், அந்தக் கூடுதல் தொகை முதிர்வில் திரும்ப வராது. ரிசர்வ் வங்கி தருவது தங்கத்தின் விலையை மட்டுமே. மீதி இருக்கும் வருடங்களின் வட்டியைக் கூட்டிப் பார்த்து, அதைவிட அதிகக் கூடுதல் கேட்டால் விட்டுவிடுங்கள்.

அரசாங்கப் பத்திரம்தானே, நஷ்டம் வராதே?

அரசு உத்தரவாதம் தருவது கிராமுக்கு. ரூபாய்க்கு உத்தரவாதம் இல்லை. தங்கம் இறங்கினால் பத்திரமும் இறங்கும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். உள்நாட்டு விலை உடனே சரிந்தது. அடுத்த இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 5 அன்று, 2016-ல் 3,119 ரூபாய்க்கு வாங்கிய ஒரு வெளியீடு 6,938 ரூபாய்க்கு முடிந்தது. அவர்கள் நஷ்டப்படவில்லை, இரட்டிப்புக்கு மேல் வாங்கினார்கள். ஆனால் முதிர்வுத் தேதி முன்பே குறித்தது என்பதால், விலை மீளட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு வழி இல்லை. நகை வைத்திருந்தவருக்கு அந்த வழி இருந்தது.

இந்தத் தடவை வட்டி வரலை. யாரைக் கேட்பது?

பத்திரம் வாங்கிய வங்கிக் கிளையைத்தான். பெரும்பாலும் காரணம் ஒன்று: கொடுத்திருந்த சேமிப்புக் கணக்கு மூடப்பட்டிருக்கும், அல்லது வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருக்கும். புதிய கணக்கு விவரத்தை எழுதிக் கொடுத்தால் நின்ற வட்டியும் வந்துவிடும். முதிர்வுப் பணமும் இதே கணக்குக்குத்தான் தானாக வரும் என்பதால், எட்டாவது வருடத்துக்கு முன்பே இதைச் சரிபாருங்கள். டீமேட்டில் இருந்தால் வங்கிக்குப் போக வேண்டாம். டீமேட்டோடு இணைத்த கணக்கைத் திருத்தினால் போதும்.

வாரிசுதாரர் போடாம விட்டுட்டேன். பையன் வேற இப்போ சிங்கப்பூர்ல இருக்கான்.

வாரிசு நியமனத்துக்குப் படிவம் டி. அதை எப்போது வேண்டுமானாலும் அதே கிளையில் கொடுக்கலாம். பதிவானதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் சான்றிதழ், படிவம் சி, வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். வெளிநாட்டில் வசிப்பவர் இந்தப் பத்திரத்தைப் புதிதாக வாங்க முடியாது. இங்கே இருந்தபோது வாங்கிவிட்டு வெளிநாடு போனவர் முதிர்வு வரை வைத்துக்கொள்ளலாம். பத்திரம் மகன் பெயரிலேயே இருந்தால், அவர் வசிப்பிடம் மாறியதை வங்கிக்குத் தெரிவித்து, வட்டி விழும் கணக்கையும் அதற்கேற்ற வகைக்கு மாற்றச் சொல்லுங்கள்.